ஆண்டறிக்கை ஸ்லைடிலிருந்து நன்றியுரை: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது "நன்றியுரையை நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று யாராவது ஒருவரிடம் ஒப்படைப்பார்கள், கூடவே ஆண்டறிக்கை பிரசன்டேஷனையும் அனுப்பிவைப்பார்கள். அதில் ‘சிறப்பம்சங்கள்’ என்று தலைப்பிட்ட நான்கைந்து ஸ்லைடுகளை எடுத்து, ஒவ்வொரு வரியையும் ஒரு வாக்கியமாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு நன்றியைச் சேர்த்தால் பேச்சு தயார் என்று தோன்றும். எழுதி முடித்து வாய்விட்டுப் படிக்கும்போதுதான் ஏதோ சரியில்லை என்று தெரியும். என்ன சரியில்லை என்பதைப் பொறுத்து, சரிசெய்யும் வழியும் மாறும். அதனால் கோளாறு வாரியாகவே போகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம், ஆனால் முதல் கோளாறை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்ற பல சிக்கல்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பேசுவதற்கு ஒரு மாதிரி வேண்டும். மாலை நேரப் பாட வகுப்புகள் நடத்தும் ஒரு தன்னார்வ அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் சிறப்பம்சங்கள் ஸ்லைடில் இருப்பது இவ்வளவுதான் (எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை):

மையங்கள்: 9 → 14
மாணவர்கள்: 412
இடைநிற்றல்: 18% → 11%
தன்னார்வலர்கள்: 63
நன்கொடை வரவு: முந்தைய ஆண்டைவிடக் குறைவு

கோளாறு 1: அறிக்கையையே இரண்டாம் முறை வாசிப்பது போல இருக்கிறது

இதுதான் சிக்கலா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. எழுதிய பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயையும் கோடிட்டுப் பாருங்கள். மையங்கள், விகிதம், திட்டம், வளர்ச்சி, முயற்சி என்று வரிசையாக வந்து, மனிதர் ஒருவரும் எழுவாயாக வரவில்லை என்றால் இந்தக் கோளாறுதான். அரங்கில் இருப்பவர்கள் இதே எண்களை ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் திரையில் பார்த்தார்கள், செயலாளர் விளக்கவும் கேட்டார்கள். மூன்றாவது முறையாகக் கேட்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? ஸ்லைடு தயாரித்தவர் இடம் பற்றாமல் முதலில் வெட்டியது ஆட்களைத்தான். "இன்னார் இடம் கொடுத்தார், இன்னார் பாடம் எடுத்தார், அதனால் ஐந்து மையம் கூடியது" என்ற செய்தி "9 → 14" என்று சுருங்கிவிட்டது. சிறப்பம்சங்கள் ஸ்லைடு என்றாலே விளைவு மட்டும் நிற்கும், செய்தவர் காணாமல் போயிருப்பார். அது அந்த ஸ்லைடின் குறையில்லை, அதன் வேலையே அதுதான். நன்றியுரையின் வேலை அதற்கு நேர் எதிரானது: காணாமல் போன ஆளைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. அதனால் ஸ்லைடில் இருப்பதை எவ்வளவு அழகாக மாற்றி எழுதினாலும் பேச்சு வராது, தேவையானது ஸ்லைடிலேயே இல்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் ஸ்லைடு சொல்லும்.

சரிசெய்ய, ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஸ்லைடு வரியை அப்படியே எழுதுங்கள். இரண்டாவதில் அதை யார் செய்தார்கள். மூன்றாவதில், அவர்கள் செய்ததில் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒரு காரியம். இரண்டாவதும் மூன்றாவதும் காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்ப, அந்தப் பணியை நேரில் பார்த்துக்கொண்ட ஒருவருக்குப் போன் போட வேண்டும், தலைவருக்கோ செயலாளருக்கோ இல்லை, களத்தில் இருந்தவருக்கு. கேட்கும் கேள்வி முக்கியம். "யாருக்கெல்லாம் நன்றி சொல்லணும்?" என்று கேட்டால் பதவி வாரியாக ஒரு பட்டியல்தான் கிடைக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அக்கா, இந்த ஐந்து புது மையத்துல எதுவாவது நடக்காமலே போயிருக்குமோ? எந்த இடத்துல சிக்கல் வந்துச்சு?"

"ரெண்டுக்கு இடமே கிடைக்கல சார். கடைசில ரெண்டு வீட்டுக்காரங்க மாடியைக் கொடுத்தாங்க. வாடகை வேண்டாம்னுட்டாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு அவங்களே வந்து கதவைத் திறந்து விடுவாங்க."

"வேற?"

"மூணாவது இடத்துல டீச்சர் இல்லாம நிறுத்தற மாதிரி ஆயிடுச்சு. பழைய மையத்துல இருந்த ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு நாள்னு பிரிச்சுக்கிட்டாங்க."

ஒரு போனில் பேச்சின் நடுப்பகுதி முழுக்கக் கிடைத்துவிட்டது. சிக்கல் வந்த இடத்தைக் கேட்டால் ஆள் தானாக வந்துவிடுகிறார், சிக்கல் வந்தபோது யார் நின்றார் என்பது களத்தில் இருந்தவருக்கு மறக்காது.

இப்போது முன்னும் பின்னும் பாருங்கள். ஸ்லைடை நேராக மாற்றியது இது:

"இந்த ஆண்டு நமது மாலை நேர மையங்களின் எண்ணிக்கை 9-லிருந்து 14 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. இதற்கு உறுதுணையாக இருந்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

போன் பேசிய பிறகு எழுதியது:

"இந்த ஆண்டு புதிதாக ஐந்து இடத்தில் வகுப்பு தொடங்கினோம். அதில் இரண்டு, வீட்டு மாடியில் நடக்கின்றன. வீட்டுக்காரர்கள் வாடகை வாங்கவில்லை. அதோடு, தினமும் மாலை ஐந்தரைக்கு அவர்களே வந்து கதவைத் திறந்து விடுகிறார்கள். இன்னொரு மையத்தில் ஆசிரியர் இல்லாமல் வகுப்பு நிற்க இருந்தது. ஏற்கெனவே வேறு மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு நாள் பிரித்துக்கொண்டு இங்கேயும் வந்தார்கள். இந்த நால்வருக்கும் எங்கள் நன்றி." இதற்குப் பின் நான்கு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நடுவே சின்ன இடைவெளி விட்டு.

இரண்டாவதில் 14 என்ற எண்ணே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வர வேண்டியதும் இல்லை, அது திரையில் வந்தாயிற்று.

இதற்கு ஒரு எல்லை உண்டு. நான்கு நிமிடப் பேச்சில் இந்த மாதிரி விரித்துச் சொல்ல இரண்டு அல்லது மூன்று விஷயத்துக்குத்தான் இடம் இருக்கும். எந்த மூன்று என்பதை எண்ணின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்றாவது பத்தியில் எது தடிமனாக நிரம்பியிருக்கிறதோ அதை எடுங்கள். 412 மாணவர் என்பது ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருக்கலாம், அதற்குப் பின்னால் சொல்லும்படியான காரியம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அப்புறம், காரணம் கற்பிப்பதில் கவனம் தேவை. இடைநிற்றல் குறைந்ததற்குப் பல காரணம் இருக்கலாம். "வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள்" என்பது அவர்கள் செய்தது, தைரியமாகச் சொல்லலாம். "அவர்களால்தான் இடைநிற்றல் குறைந்தது" என்பது ஆராய்ந்து சொல்ல வேண்டியது, நன்றியுரையில் அதற்கு இடமில்லை. அதே வேலையை வேறு விதத்தில் செய்த இன்னொரு குழு அரங்கில் உட்கார்ந்திருக்கும்.

கோளாறு 2: ஸ்லைடிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் எழுத்து வேறாக வருகிறது, அல்லது பாதிதான் வருகிறது

இது முழுக்க தொழில்நுட்பச் சிக்கல், சீக்கிரம் முடித்துவிடலாம். திரையில் ‘நன்றி’ என்று தெரிவது, வேர்டில் ஒட்டியதும் `ed;wp` என்று மாறினால், அந்த ஸ்லைடு யூனிகோடில் இல்லை, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று அர்த்தம். பழைய ஆண்டின் கோப்பையே வருடா வருடம் திருத்திக்கொண்டு வரும் இடங்களில் இது நிறைய நடக்கும், ஒரே கோப்பில் சில ஸ்லைடு யூனிகோடிலும் சில ஸ்லைடு பாமினியிலும் இருக்கும். யூனிகோடு மாற்றி ஒன்றில் மூல எழுத்துருவாகப் பாமினியைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தமிழ்ப் பகுதியை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள், நடுவில் ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிச் சிதைத்துவிடும். மாற்றிய பிறகு பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற சொல்லில் பிழை இருந்தால் வாசிக்கும்போது நாக்கு தானாகச் சரிசெய்துகொள்ளும், பெயரில் அது நடக்காது.

பாதிதான் வருகிறது என்றால் காரணம் வேறு. பவர்பாயின்டில் `Outline View` போய் மொத்தமாக நகலெடுத்திருப்பீர்கள். ஸ்லைடு வடிவமைப்பில் ஏற்கெனவே இருக்கும் தலைப்புக் கட்டம், உள்ளடக்கக் கட்டம் இவற்றில் இருக்கும் எழுத்துதான் அங்கே தெரியும். தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ், படத்துக்குள் இருக்கும் எழுத்து, வரைபடத்தின் எண் எதுவும் அதில் வராது. சிறப்பம்சங்கள் ஸ்லைடில் பெரிய எண்ணும் அதன் கீழே சின்ன விளக்கமும் பெரும்பாலும் டெக்ஸ்ட் பாக்ஸில்தான் இருக்கும். அதனால் அந்த ஸ்லைடுகளை மட்டும் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வதே நம்பகமானது, நான்கைந்து ஸ்லைடுதானே.

அப்படியே ஒவ்வொரு ஸ்லைடின் கீழேயும் இருக்கும் நோட்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். ஸ்லைடில் வெட்டப்பட்ட ஆட்கள் சில நேரம் அங்கே இருப்பார்கள். இடப்பக்க வரிசையில் எண் மேல் கோடு அடித்திருக்கும் ஸ்லைடுகள் மறைத்து வைக்கப்பட்டவை. இரண்டும் வேண்டுமென்றால் பிடிஎஃப் போதாது, மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

கோளாறு 3: பெயர்ப் பட்டியல் தொடங்கியதும் அரங்கில் சலசலப்பு

ஒத்திகையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் எழுதியவருக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் முக்கியம். தாளில் பார்த்தால் தெரியும்: ஒரே வாக்கியத்துக்குள் ஐந்துக்கு மேல் "அவர்களுக்கும்" வந்தால் கேட்பவர் கைவிட்டுவிடுவார். "தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், மைய ஒருங்கிணைப்பாளர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும்..." என்று போகும்போது, இவர்களுக்கு என்ன என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் வருகிறது. அதுவரை கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. தன் பெயர் வந்துவிட்டதா என்று மட்டும் காத்திருப்பார், வந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குவார்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். செயல் முதலில், ஆள் நடுவில், நன்றி கடைசியில், அதுவும் குட்டி வாக்கியமாக. "பதினான்கு மையத்தின் கணக்கையும் மாதம் தவறாமல் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர் நம் பொருளாளர். அவருக்கு நன்றி." செயலைக் கேட்டதுமே அரங்கில் இருப்பவர் ‘யார் அது’ என்று தேடத் தொடங்குகிறார், பெயர் வரும்போது காதில் விழுகிறது. பத்துப் பேருக்கு ஒரே செயல் என்றால் செயலை ஒரு முறை சொல்லிவிட்டுப் பத்துப் பெயரையும் மூச்சு விட்டு விட்டுச் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "அவர்கள்" வேண்டியதில்லை, குழுவுக்கு முன்னால் ஒரு முறை மரியாதையாகச் சொன்னால் போதும்.

பெயர்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் பலரும் திணறுவார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் முதலில், நம் ஆட்கள் பிறகு. சிறப்பு விருந்தினர், நன்கொடையாளர்கள், இடம் தந்தவர்கள், தன்னார்வலர்கள், ஊழியர்கள், அன்றைய கூட்டத்தை நடத்தியவர்கள் என்ற வரிசை பெரும்பாலும் யாரையும் புண்படுத்தாது. ஒரு குழுவுக்குள் யார் முன் யார் பின் என்ற கேள்வி வந்தால் அகர வரிசை வையுங்கள், அதை வாய்விட்டும் சொல்லிவிடுங்கள்: "பெயர்களை அகர வரிசையில் சொல்கிறேன்." அதோடு அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, "நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்", "கடமைப்பட்டிருக்கிறேன்", "உரித்தாக்குகிறேன்" இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் பேச்சு வேறுபட்டு ஒலிக்கும் என்று நினைக்க வேண்டாம். "நன்றி" என்ற ஒரு சொல்லையே ஒவ்வொரு முறையும் சொல்லலாம். அதற்கு முன்னால் வரும் செயல் வேறுபட்டிருந்தால் அது சலிக்காது.

கோளாறு 4: கூட்டம் முடிந்ததும் "என் பெயரை விட்டுட்டீங்களே"

இதைப் பின்னால் சரிசெய்ய முடியாது, முன்கூட்டியே தடுக்க மட்டும்தான் முடியும். காரணம் பெரும்பாலும் மறதி இல்லை, பட்டியல் பிறந்த இடம். ஸ்லைடில் இருப்பது பலன் தந்த வேலை. எதுவும் தடங்கலாகாமல் பார்த்துக்கொண்ட வேலை எந்த ஸ்லைடிலும் வராது. கணக்கு எழுதியவர், வண்டி ஓட்டியவர், அறை பெருக்கியவர், ஒரு மையத்துக்கும் மற்றொன்றுக்கும் நடுவே புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவர் யாருக்கும் அங்கே வரைபடம் கிடையாது. ஸ்லைடிலிருந்து மட்டும் பட்டியல் எடுத்தால், முறையாக, ஒவ்வொரு ஆண்டும், இதே ஆட்கள்தான் விடுபடுவார்கள். அவர்களுக்கு அது தெரியும், வெளியில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

பட்டியலை இன்னும் மூன்று இடத்திலிருந்து எடுங்கள். முதலாவது செலவுக் கணக்கு. யாருக்கெல்லாம் சிறு தொகை போயிருக்கிறது, எந்த வேலைக்குச் செலவே இல்லை என்று பாருங்கள். வாடகை என்ற தலைப்பில் இரண்டு மையத்துக்கு ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், யாரோ இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். செலவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் செலவு இல்லை என்றால் அங்கே நன்றி சொல்ல ஒரு ஆள் நிச்சயம் இருக்கிறார். இரண்டாவது, ஆண்டின் நடுவில் விலகியவர்கள். ஸ்லைடு ஆண்டு முடிவில் எடுத்த படம், முதல் ஏழு மாதம் உழைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர் அதில் இல்லை. வருகைப் பதிவேட்டின் முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், பெயர்கள் தெரிந்துவிடும். இறந்துபோனவர் யாராவது அதில் இருந்தால் அவரைக் குழுவோடு சேர்க்காமல் தனியாக, முதலிலேயே சொல்லுங்கள். மூன்றாவது, அன்றைய கூட்டம். ஒலிபெருக்கி, நாற்காலி, உணவு, வரவேற்பு, அந்த ஸ்லைடுகளைத் தயாரித்தவர், திரையில் ஓட்டியவர் எல்லாம் இதில் வருவார்கள். இந்தப் பட்டியலைக் கூட்டம் தொடங்கி அரை மணி கழித்து அரங்கை ஒரு முறை சுற்றிவந்து முடியுங்கள், கடைசி நேரத்தில் ஆள் மாறியிருக்கும்.

எல்லாம் எடுத்த பிறகு, சொல்லக் கூடாதவர்களையும் பாருங்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்று சொன்ன நன்கொடையாளர் இருப்பார். ஸ்லைடில் ‘நலம் விரும்பி’ என்று போட்டிருந்தால் நீங்கள் மேடையில் பெயரை அவிழ்த்துவிடக் கூடாது. தொகையைச் சொல்வதையும் தவிர்த்துவிடலாம், ஒருவர் தொகையைச் சொன்னால் மற்றவர் தொகை சின்னதாகிவிடும். உதவி பெற்ற குழந்தைகளின் பெயர் ஸ்லைடில் படத்தோடு இருந்தாலும், பெற்றோரின் சம்மதம் அந்தப் படத்துக்கு மட்டும் வாங்கியதாக இருக்கலாம். கேட்காமல் சொல்லாதீர்கள்.

உச்சரிப்புச் சந்தேகம் இருக்கும் பெயரை அவரிடமே கேட்டுவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்றால் முன்னெழுத்தையோ மையத்தையோ சேர்த்துச் சொல்லுங்கள். "மற்றும் பெயர் விடுபட்ட அனைவருக்கும்" என்ற வரி எதையும் காப்பாற்றாது, தேடிப் பார்க்காமலே வந்திருக்கிறார் என்றுதான் காதில் விழும்.

கோளாறு 5: எண்ணைச் சொன்னதும் முன்வரிசையில் யாரோ தலையை ஆட்டுகிறார், இல்லை என்று

நன்றியுரையில் எண் அதிகம் வேண்டியதில்லை என்று மேலே சொன்னேன். ஒன்றிரண்டு வரத்தான் செய்யும், அவை பிசகுவது எப்போதும் அதே சில இடங்களில்தான்.

சதவீதம்தான் முதல் வம்பு. 18% என்பது 11% ஆனதை "7 சதவீதம் குறைந்தது" என்று சொல்லிவிடுவார்கள். குறைந்தது 7 சதவீதப் புள்ளி. பழைய அளவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 39 சதவீதக் குறைவு. மேடையில் இந்த இரண்டையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "முன்பு நூறு பிள்ளைகளில் பதினெட்டுப் பேர் பாதியில் நின்றார்கள், இப்போது பதினொரு பேர்" என்று சொல்லுங்கள். இது தவறாகப் புரியவே முடியாது, காதுக்கும் எளிது.

அடுத்தது 412 மாதிரி எண்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்தவர்களா, ஆண்டு முடிவில் இருந்தவர்களா, அமைப்பு தொடங்கியதிலிருந்து மொத்தமா? மையம் மாறிய பிள்ளை இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறதா? ஸ்லைடில் இது இருக்காது, எண்ணைக் கொடுத்தவருக்குத்தான் தெரியும். "இந்த ஆண்டு" என்ற இரண்டு சொல்லை நீங்களாகச் சேர்த்துச் சொன்னால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. 63 தன்னார்வலர் என்பதும் அப்படித்தான். பதிவு செய்தவர்கள் 63 பேராக இருக்கலாம், வாரம் தவறாமல் வந்தவர்கள் அதில் பாதியாக இருக்கலாம். "63 பேரின் அயராத உழைப்பு" என்று சொன்னால் உண்மையில் உழைத்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். பதிவு செய்தவர்களுக்கு ஒரு நன்றி, ஒரு வகுப்பையும் விடாதவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி, அவர்கள் சிலர் என்றால் பெயரோடு.

தொகை ஸ்லைடில் மில்லியனில் இருந்து, கேட்பவர்கள் லட்சத்தில் நினைப்பவர்கள் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், 1 மில்லியன் என்பது 10 லட்சம். தாளில் எண்ணை எழுத்தால் எழுதிக்கொள்வதும் நல்லது, மேடை வெளிச்சத்தில் பூஜ்ஜியத்தை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கோளாறு 6: "ரெண்டே நிமிஷம், சீக்கிரம் முடிச்சிடுங்க"

நன்றியுரை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருக்கிறது, முன்னால் பேசிய எல்லோரும் எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் இதில்தான் கழியும். அதனால் நான்கு நிமிடப் பேச்சு நான்கு நிமிடம் கிடைக்கும் என்று நம்பி எழுதவே கூடாது. பொதுவாகச் செய்வது என்னவென்றால், வேகமாகப் படிப்பது. பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு யாருக்கும் எதுவும் கேட்காமல் போகும்.

பேச்சைத் துண்டுகளாக எழுதுங்கள், ஒரு நன்றிக்கு ஒரு அட்டை. எந்த நிலையிலும் விடக் கூடாத அட்டைகளின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்: விருந்தினர், இடம் தந்தவர்கள், தன்னார்வலர்கள், அன்று மேடைக்குப் பின்னால் வேலை செய்தவர்கள். இவற்றை மட்டும் வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள், ஒன்றரை நிமிடத்துக்குள் வர வேண்டும். மீதி அட்டைகள் நேரம் கிடைத்தால் நடுவில் சேரும். நேரம் வெட்டப்பட்டால் விவரிப்பைத்தான் வெட்ட வேண்டும், பெயரை வெட்டக் கூடாது. மாடி வீட்டுக் கதையை "மாடியைத் தந்து, தினமும் கதவைத் திறந்து விட்ட இருவருக்கு நன்றி" என்று ஒரு வரியாகச் சுருக்கலாம், ஆள் அங்கேயே இருக்கிறார்.

விருந்தினருக்கான அட்டையில் கீழே மூன்று வரி காலியாக விடுங்கள். அவர் பேசும்போது சொன்ன ஒரு விஷயத்தை அங்கேயே குறித்து, அதை வைத்து நன்றி சொன்னால் போதும். முன்கூட்டியே எழுதிவைத்த "தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி" என்ற வரி தேவைப்படாது. அவர் வராமலே போனாலும் அந்த ஒரு அட்டையை எடுத்து வைத்தால் ஆயிற்று, பேச்சு உடையாது.

கோளாறு 7: ஆண்டு சரியாகப் போகவில்லை, நன்றி சொன்னால் ஒட்டவில்லை

நம் மாதிரி ஸ்லைடின் கடைசி வரி: நன்கொடை குறைந்திருக்கிறது. இதைப் பேச்சில் தொடாமல் "மாபெரும் வெற்றி ஆண்டு" என்று தொடங்கினால், வரவு செலவு தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அதற்குப் பின் நீங்கள் சொல்லும் எதையும் முழுதாக நம்ப மாட்டார்கள். மாடி தந்தவருக்குச் சொன்ன உண்மையான நன்றியும் அதோடு சேர்ந்து மங்கிப்போகும். அறிக்கை வாசித்தபோது அந்த வரியைப் பெரிதாக விளக்கியிருக்கவும் மாட்டார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குறைவை ஒரு வாக்கியத்தில், காரணம் சொல்லாமல், பழி சொல்லாமல் வைத்துவிட்டு, அந்தக் குறைவைத் தோளில் வாங்கியவர் யார் என்று மூன்று பத்தித் தாளில் தேடுங்கள். நிச்சயம் ஒருவர் இருப்பார். "இந்த ஆண்டு வரவு குறைந்தது, அது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆறாவது மாதம் நோட்டுப் புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, ஒருங்கிணைப்பாளர்கள் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து, தைத்து, புது நோட்டாக்கிக் கொடுத்தார்கள். ஒரு மையத்திலும் ஒரு நாளும் வகுப்பு நிற்கவில்லை. அவர்களுக்கு நன்றி." இதில் "ஒரு நாளும் நிற்கவில்லை" என்பதை மட்டும் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நின்றிருந்தால் எத்தனை நாள் என்று சொல்லுங்கள், மூன்று நாள்தான் நின்றது என்றாலும் நன்றி குறையாது.

நன்கொடையைக் குறைத்தவர்களும் அரங்கில் இருக்கக்கூடும். அவர்கள் பக்கம் பார்த்து அழுத்திச் சொல்லவோ, அடுத்த ஆண்டுக்கான வேண்டுகோளாக இதை மாற்றவோ வேண்டாம். கொடுத்தவர்களுக்குச் சொல்லும் நன்றியை இந்தப் பகுதிக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டால் அந்தச் சங்கடம் வராது. வேண்டுகோள் வைக்க வேண்டியிருந்தால் தலைவர் தன் உரையில் வைக்கட்டும், அட்டைகளில் அது வேண்டாம்.